துபாயில் பேசிய ஐபோன் கீழக்கரையில் ஏன் பேசவில்லை?

கேள்வி: துபாய் சபரில் இருக்கும் என் காக்கா தேராவில் ஒரு கடையில் பழைய ஐபோன் 13 வாங்கி, லீவில் வந்தபோது எனக்குத் தந்துவிட்டுப் போனார். அங்கே தன் சிம்மைப் போட்டு நன்றாகப் பேசியிருக்கிறார். இங்கே ஏர்டெல் சிம்மை மாற்றிப் போட்டதும் "SIM Not Supported" என்று வருகிறது. சிம்மோடு ஒட்டினாற்போல மெல்லிய தகடு ஒன்று இருந்தது, அதைக் கழற்றி வைத்திருக்கிறேன். ராமநாதபுரத்தில் ஒரு கடையில் "இது ஏடி அண்ட் டி லாக், சாஃப்ட்வேர் போட்டு எடுத்துவிடலாம், நாலாயிரம் ஆகும்" என்கிறார்கள். கொடுக்கலாமா? லாக் எடுத்தால் போனில் என்னென்ன மாறும்?
— ஒரு வாசகர், கீழக்கரை

பதில்:

நாலாயிரத்தை இப்போது கொடுக்காதீர்கள். கழற்றிய தகட்டையும் தூக்கி எறிந்துவிடாதீர்கள், பத்திரமாக வையுங்கள். போனைக் கடைக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டி வந்தால், உங்கள் காக்காவின் கையில் இருக்கும் சாட்சி அதுதான்.

அமெரிக்காவில் ஏடி அண்ட் டி போன்ற தொலைபேசி நிறுவனங்கள் போனை மாதத் தவணையில் கொடுக்கின்றன. இப்போதெல்லாம் 36 மாதத் தவணைதான் வழக்கம். பணம் முழுவதும் வரும்வரை வாங்கியவர் வேறு நிறுவனத்துக்குத் தாவிவிடக் கூடாது என்பதற்காக, தங்கள் சிம்மை மட்டுமே ஏற்கும்படி போனைப் பூட்டிக் கொடுக்கிறார்கள். நடுவில் தவணையை நிறுத்தியவர்களும், முடியும் முன்பே விற்றவர்களும் கைவிட்ட போன்கள் மூட்டை மூட்டையாக வெளிநாட்டுப் பழைய போன் சந்தைகளுக்குப் போய்ச் சேருகின்றன. அதே மாடல் பூட்டில்லாமல் இருந்தால் விலை கூடுதல். விலை குறைவாகக் கிடைத்ததென்றால் அதற்கான காரணம் பெரும்பாலும் இந்தப் பூட்டுதான்.

ஐபோனில் இந்தப் பூட்டு போனுக்குள் இல்லை. ஒவ்வொரு ஐபோனுக்கும் ஐஎம்இஐ என்ற தனி அடையாள எண் உண்டு. அந்த எண்ணுக்கு நேராக, அது எந்த நிறுவனத்தின் சிம்மை ஏற்கலாம் என்ற பதிவு ஆப்பிளின் சர்வரில் இருக்கிறது. போன் முதன்முதலாக உயிர்பெறும்போதும், எல்லாவற்றையும் அழித்துவிட்டுத் திரும்பத் தொடங்கும்போதும், அந்த சர்வரைக் கேட்டுத்தான் அனுமதி வாங்குகிறது. உங்கள் திரையில் அந்த அறிவிப்பைத் தொட்டு முழுதாகப் படித்தால் "activation policy", "activation server" என்ற சொற்கள் கண்ணில் படும். போன் அங்கேயே உண்மையைச் சொல்லிவிடுகிறது. ராமநாதபுரம் கடையில் இருக்கும் கணினியை வைத்து போனுக்குள் எந்த சாஃப்ட்வேரை ஏற்றினாலும் ஆப்பிள் சர்வரில் இருக்கும் பதிவு மாறாது. அதை மாற்றச் சொல்லும் உரிமை பூட்டிய நிறுவனத்துக்கு மட்டும்தான்.

அப்படியானால் துபாயில் எப்படிப் பேச முடிந்தது? அந்தத் தகடு செய்த வேலை அது. ஒவ்வொரு சிம்முக்குள்ளும் ஐஎம்எஸ்ஐ என்ற எண் ஒன்று இருக்கிறது. அதன் முதல் மூன்று இலக்கம் நாட்டைக் காட்டும்: இந்தியாவுக்கு 404, 405, அமீரகத்துக்கு 424, அமெரிக்காவுக்கு 310-இல் தொடங்கும் சில எண்கள். அடுத்து வரும் இலக்கங்கள் நிறுவனத்தைக் காட்டும். பூட்டுள்ள போன் சிம்மில் இந்த எண்ணைத்தான் பார்க்கிறது. நீங்கள் கழற்றிய தகட்டில் ஒரு சிறு சிப் இருக்கும். சிம்முக்கும் போனுக்கும் நடுவே உட்கார்ந்துகொண்டு, போன் கேட்கும்போது ஏடி அண்ட் டி சிம்மின் எண்ணைக் காட்டும். டவரோடு பேச வேண்டிய நேரத்தில் உள்ளே இருக்கும் சிம்மின் உண்மை எண்ணைக் கொடுத்துவிடும். ஆர்-சிம், டர்போ சிம் என்று பல பெயர்களில் விற்பது இதுதான். தகடு அங்கே உங்கள் காக்காவின் சிம்முக்காக அமைக்கப்பட்டது. நீங்கள் சிம்மை மாற்றித் தகட்டையும் எடுத்ததும், போன் ஏர்டெல் எண்ணை நேருக்கு நேர் பார்த்தது, மறுத்துவிட்டது.

இந்த இடத்தில் நம் கரைக்காரர்களுக்கு வரும் ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். தனுஷ்கோடி, அரிச்சல்முனைப் பக்கம் போனால் போன் இலங்கை டவரைப் பிடித்துக்கொண்டு வரவேற்புச் செய்தி அனுப்புவது எல்லோருக்கும் தெரிந்ததுதான். "பூட்டிய போனும் இலங்கை டவரைப் பிடிக்கிறதே, அப்புறம் என்ன பூட்டு?" என்று கேட்பவர்கள் உண்டு. பூட்டு டவரைப் பார்ப்பதில்லை, சிம்மைத்தான் பார்க்கிறது. ஏடி அண்ட் டி சிம்மைப் போட்டு இங்கே ஏர்டெல் டவரில் ரோமிங்கில் பேசினால் பூட்டிய போன் ஒன்றும் சொல்லாது. உங்கள் போனில் டவர் புள்ளிகள் தெரிகின்றனவா என்று பார்த்துப் பூட்டைக் கண்டுபிடிக்க முடியாது என்பதற்குக் காரணமும் இதுவே.

தகட்டைத் திரும்பப் போட்டு ஏர்டெல் சிம்முக்கு அமைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். சில நேரம் வேலையும் செய்யும். ஆனால் ஏமாற்றுக்குப் பயன்படும் எண்களை ஆப்பிள் அவ்வப்போது முடக்கிவிடுகிறது. ஐஓஎஸ் அப்டேட் போட்ட அன்றோ, போனை அழித்துத் திரும்பத் தொடங்கிய அன்றோ சிம் ஓடாமல் போகும். புதுத் தகடு, புது எண் என்று தேட வேண்டும். இன்னொரு தொல்லை, தகடும் சிம்முமாகத் தட்டில் தடித்து உட்காருவது. சிம் ரீடரின் மெல்லிய ஊசிகள் வளைந்துவிடும். தட்டு முழுதாக உள்ளே உட்காராவிட்டால் அதன் விளிம்பில் இருக்கும் ரப்பர் வளையமும் பயனில்லாமல் போகும். கடற்காற்று அடிக்கிற ஊரில் உப்பு ஈரம் உள்ளே போனால் பொன்னிறத் தொடுமுனைகளில் பச்சை பிடிப்பதற்கு அதிக நாள் ஆகாது. கடலுக்குப் போகிறவர் கையில் இப்படிப்பட்ட போனைக் கொடுத்து அனுப்பவே கூடாது. கரையில் என்றால் வீட்டுக்கு வந்து வேறு போனை எடுத்துக்கொள்ளலாம். படகில் இருக்கும்போது சிம் மறுத்துவிட்டால் கடலோரக் காவல் படையின் 1554-ஐக்கூடக் கூப்பிட முடியாமல் நிற்க நேரும்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. தகடு இல்லாமல் ஏர்டெல் சிம்மை மட்டும் தட்டில் வைத்து, வைஃபையில் போனை இணைத்துக்கொள்ளுங்கள். பிறகு Settings > General > About போய், பட்டியலில் கீழே வரை தள்ளுங்கள். அங்கே Carrier Lock என்று ஒரு வரி இருக்கும். மொழி அமைப்பைப் பொறுத்து Network Provider Lock என்றும் இருக்கலாம். அதற்கு நேராக "No SIM restrictions" என்றிருந்தால் பூட்டு இல்லை. "SIM locked" என்றிருந்தால் பூட்டு இருக்கிறது. உங்கள் விஷயத்தில் இரண்டாவதுதான் இருக்கும் என்று நினைக்கிறேன், என்றாலும் கண்ணால் பார்த்துவிடுங்கள். விற்றவரின் வாய்ச்சொல்லைவிட இந்த ஒரு வரி நம்பகமானது. பழைய ஐபோன் வாங்கும் எவரும் பணத்தை எண்ணிக் கொடுக்கும் முன் இதைப் பார்ப்பது அரை நிமிட வேலை.

அதே About பக்கத்தில் Model Number வரியைப் பாருங்கள். முதலில் தெரியும் எண் LL/A என்று முடிந்தால் அமெரிக்காவில் விற்பதற்காகச் செய்த போன். இந்தியாவுக்கானது HN/A என்று முடியும். வரியை ஒரு தடவை தொட்டால் A-இல் தொடங்கும் எண் வரும். அமெரிக்க ஐபோன் 13 என்றால் A2482. LL/A என்பதாலேயே பூட்டிய போன் என்று முடிவு செய்துவிடக் கூடாது. அமெரிக்காவிலேயே முழுப் பணம் கொடுத்துப் பூட்டில்லாமல் வாங்குபவர்கள் ஏராளம். இந்த எண் பிறந்த ஊரை மட்டும்தான் சொல்லும்.

திரையில் வரும் வார்த்தைகளையும் கொஞ்சம் பிரித்துப் பார்க்கப் பழகிக்கொள்ளுங்கள், ஏனென்றால் கடைகளில் எல்லாவற்றையும் "லாக்" என்றே சொல்லிவிடுவார்கள். "SIM Not Supported" அல்லது "SIM Not Valid" என்றால் நெட்வொர்க் பூட்டு. "No SIM" என்றால் போன் சிம்மையே உணரவில்லை. தட்டையும் தொடுமுனையையும் துடைத்துப் பார்க்க வேண்டும், தகடு போட்டிருந்த போன்களில் ஊசி வளைந்திருக்கவும் வாய்ப்புண்டு. "No Service", "Searching" என்றால் சிம்மை ஏற்றுக்கொண்டுவிட்டது, டவர் கிடைக்கவில்லை அல்லது சிம் இன்னும் செயலுக்கு வரவில்லை. எல்லாம் அழித்த போனில் வேறு யாருடைய மெயிலையோ காட்டி ஆப்பிள் கணக்கின் பாஸ்வேர்டு கேட்டால், அது இன்னொரு பூட்டு. அதைத் திறக்க வேண்டியவர் அந்தக் கணக்குக்காரர். நெட்வொர்க் நிறுவனத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. தவணை கட்டாவிட்டால் நம்மூர்க் கடன் நிறுவனங்கள் திரையை முடக்குவதும் வேறு சங்கதி.

அடுத்து, டயல் பலகையில் *#06# அடித்து 15 இலக்க ஐஎம்இஐ எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஐபோன் 13-இல் இரண்டு வரும்; முதலாவதைப் பயன்படுத்துங்கள். பெட்டி கையில் இருந்தால் அதிலுள்ள எண்ணோடு ஒத்துப்பாருங்கள். பிறகு நம் நாட்டு நிலையையும் ஒரு எஸ்எம்எஸ்ஸில் பார்த்துவிடலாம். வேறு போனிலிருந்து இப்படி அடித்து 14422-க்கு அனுப்புங்கள், எண்ணின் இடத்தில் உங்கள் 15 இலக்கம்:

```
KYM 123456789012345
```

கறுப்புப் பட்டியலில் இருக்கிறது, ஒரே எண் பல போன்களில் இருக்கிறது, ஏற்கெனவே பயன்பாட்டில் இருக்கிறது என்று பதில் வந்தால், பூட்டைப் பற்றிக் கவலைப்படுவதை விட்டுவிட்டு போனை அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நல்ல பதில் வந்தாலும் அது நெட்வொர்க் பூட்டைப் பற்றி எதுவும் சொல்லாது. அந்தப் பட்டியல் திருட்டுக்கும் போலி எண்ணுக்குமானது.

இனிதான் முக்கியமான படி. ஏடி அண்ட் டி பூட்டு என்று கடைக்காரர் சொன்னது உண்மையாக இருந்தால், விண்ணப்பம் போட வேண்டிய இடம் att.com/deviceunlock. இதற்குக் கட்டணம் கிடையாது. அந்த நிறுவனத்தின் வாடிக்கையாளராக இல்லாதவரும் விண்ணப்பிக்கலாம். வாடிக்கையாளர் இல்லை என்று தேர்ந்தெடுத்து ஐஎம்இஐ, பெயர், மெயில் முகவரியைக் கொடுத்தால் போதும். உடனே ஒரு மெயில் வரும். அதிலுள்ள இணைப்பை 24 மணி நேரத்துக்குள் அழுத்த வேண்டும், இல்லையென்றால் விண்ணப்பம் ரத்தாகிவிடும். பலருக்கும் இங்கேதான் காரியம் கெடுகிறது: மெயில் ஸ்பாம் பெட்டியில் கிடக்கும், இவர்கள் "அமெரிக்காக்காரன் பதிலே போடவில்லை" என்று காத்திருப்பார்கள். உறுதி செய்தபின் இரண்டு வேலை நாளில் முடிவு வந்துவிடும். அமெரிக்காவின் சனி, ஞாயிறு கணக்கில் வராது.

அவர்கள் பார்ப்பது நான்கு விஷயம். போனின் தவணை முழுவதும் அடைந்திருக்க வேண்டும். குறைந்தது 60 நாள் அவர்கள் நெட்வொர்க்கில் ஓடியிருக்க வேண்டும். தொலைந்தது, திருட்டு, மோசடி என்று புகார் இருக்கக் கூடாது. இன்னொரு வாடிக்கையாளரின் கணக்கில் இப்போது ஓடிக்கொண்டிருக்கக் கூடாது. ப்ரீபெய்டில் வாங்கிய போனுக்கு 60 நாளுக்குப் பதில் ஆறு மாதச் சேவை கேட்பார்கள். ஐபோன் 13 வெளிவந்தது 2021 செப்டம்பரில். அதனால் முதலில் வாங்கியவர் ஒழுங்காகக் கட்டியிருந்தால் அவருடைய தவணை முடிந்திருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. பூட்டைத் திறக்கச் சொல்லிக் கேட்காமலேயே விற்றுவிட்டவர்களும் நிறையப் பேர். இப்படிப்பட்ட போன்கள் ஒரு விண்ணப்பத்தில் திறந்துவிடும். அதனால்தான் நாலாயிரம் கொடுப்பதற்கு முன் இதைச் செய்து பாருங்கள் என்கிறேன். கடைக்காரர் வாங்கிக்கொண்டு செய்யப்போவதும் இதே விண்ணப்பமாக இருக்கலாம்!

சம்மதம் வந்துவிட்டால் அடுத்த வேலையை அவசரப்படாமல் செய்யுங்கள். முதலில் Settings திறந்து மேலே இருக்கும் பெயரைப் பாருங்கள். அது உங்கள் ஆப்பிள் கணக்கா, காக்காவுடையதா, முன்பின் தெரியாத வேறு யாருடையதாவதா? காக்காவுடையது என்றால் அவரிடம் பாஸ்வேர்டு வாங்கி Sign Out செய்துவிட்டு உங்கள் கணக்கைப் போடுங்கள். தெரியாதவர் கணக்கு என்றால் எந்தக் காரணத்துக்கும் போனை அழிக்காதீர்கள். அழித்தால் நெட்வொர்க் திறந்திருந்தும் போன் உள்ளே விடாது. கணக்கு சரியானபின், தட்டில் ஏர்டெல் சிம் மட்டும் இருக்க, வைஃபையில் வைத்து போனை அணைத்துப் போடுங்கள். பல போன்கள் இதிலேயே புதுப் பதிவைப் பெற்றுக்கொள்ளும். Carrier Lock வரி "No SIM restrictions" என்று மாறியிருக்கும்.

மாறவில்லை என்றால், போன் பழைய அனுமதியையே கையில் வைத்திருக்கிறது என்று பொருள். திரும்ப சர்வரைக் கேட்கவைக்க போனை அழித்துத் தொடங்க வேண்டும். படம், தொடர்பு எண் எல்லாவற்றையும் ஐகிளவுடிலோ கணினியிலோ எடுத்துவையுங்கள். வாட்ஸ்அப்புக்குத் தனியாக அதன் அமைப்பில் போய் பேக்கப் எடுங்கள். பிறகு Settings > General > Transfer or Reset iPhone > Erase All Content and Settings. தொடங்கும்போது ஏர்டெல் சிம் உள்ளே இருக்கட்டும், வைஃபையும் இணைந்திருக்கட்டும். இதற்குப் பிறகும் பழைய அறிவிப்பே வந்தால், கணினியில் இணைத்து முழு ரீஸ்டோர் செய்துபாருங்கள். அதுவும் உதவாவிட்டால் கோளாறு போனில் இல்லை, ஆப்பிளுக்குத் தகவல் போய்ச் சேரவில்லை. சம்மத மெயிலைக் காட்டி ஏடி அண்ட் டியிடமே கேட்க வேண்டும்.

திறந்துவிட்டது என்று உறுதிப்படுத்த ஏர்டெல்லோடு நிறுத்தாதீர்கள். வீட்டில் யாருடைய ஜியோ சிம்மையோ பிஎஸ்என்எல் சிம்மையோ இரண்டு நிமிடம் போட்டு ஒரு அழைப்பு பேசுங்கள். இரண்டு நிறுவனச் சிம்மும் ஓடினால் உண்மையான திறப்பு. புதுச் சிம் போட்டதும் "Carrier Settings Update" என்று ஒரு கேள்வி வரலாம், Update கொடுங்கள். 4ஜி அழைப்புக்கான அமைப்புகள் அதோடுதான் வருகின்றன. அதைத் தள்ளிவிட்டு "ஜியோவில் பேச்சே வரவில்லை" என்று போனைக் குறை சொல்பவர்கள் உண்டு.

மறுப்பு வந்தால் மெயிலிலேயே காரணம் இருக்கும். தவணை பாக்கி என்றால் அதைக் கட்ட வேண்டியவர் முதலில் வாங்கிய அமெரிக்கர். அவர் யாரென்று உங்களுக்கும் தெரியாது, தேரா கடைக்காரருக்கும் தெரியாது. தொலைந்தது என்ற புகார் இருந்தாலும் அதே நிலைதான். இந்த இரண்டிலும் நேர்வழி ஒன்றுதான்: பில், தகடு, மறுப்பு மெயிலின் படம் மூன்றையும் வைத்து காக்கா வாங்கிய கடைக்குத் திருப்பிக் கொடுக்கட்டும். துபாய்க்குப் போகும் ஊர்க்காரர் கையில் கொடுத்து அனுப்பும்போது, உங்கள் கணக்கை Sign Out செய்து அழித்துவிட்டே அனுப்புங்கள். மாற்றாகக் கொடுக்கும் போனை வாங்கும் முன் தட்டை வெளியே இழுத்துத் தகடு இருக்கிறதா என்று பார்க்கவும், Carrier Lock வரியைப் பார்க்கவும் காக்காவிடம் சொல்லுங்கள். "ஃபேக்டரி அன்லாக்" என்று பெட்டியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கருக்கு மதிப்பில்லை.

மறுத்த போனையும் ஐஎம்இஐ வைத்துத் திறந்து தருகிறோம் என்று சொல்லும் ஆட்கள் இருக்கிறார்கள். இவர்களால் பதிவை மாற்ற முடிகிறதென்றால், நிறுவனத்துக்குள் இருக்கும் யாரோ மாற்றுகிறார் என்றே பொருள். ஏடி அண்ட் டியின் கால் சென்டர் ஊழியர்களுக்கு லஞ்சம் கொடுத்து, பல ஆண்டுகளில் ஏறத்தாழ 19 லட்சம் போன்களைத் திறந்த ஒருவருக்கு 2021-இல் அமெரிக்க நீதிமன்றம் 12 ஆண்டு சிறை விதித்தது. நிறுவனத்துக்கு 20 கோடி டாலருக்கு மேல் இழப்பு என்று கணக்கு. அப்படித் திறந்த போன் திரும்பப் பூட்டப்படலாம்; பணம் வாங்கியவர் அப்போது போனை எடுக்க மாட்டார். ராமநாதபுரம் கடையில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "ஐஎம்இஐ-யில் செய்கிறீர்களா, சிப் போடுகிறீர்களா?" சிப் என்றால் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. ஐஎம்இஐ என்றால், Carrier Lock வரி மாறிய பிறகு பணம் என்று சொல்லிப் பாருங்கள், பதிலிலேயே தெரிந்துவிடும்.

திறந்தால் என்ன மாறும் என்பதற்கு வருகிறேன். எந்த நாட்டுச் சிம்மையும், இ-சிம்மையும் போன் ஏற்கும். ஒரு சிம் தட்டிலும் இன்னொன்று இ-சிம்மாகவும் இரண்டு நிறுவனத்தை ஒரே நேரத்தில் வைத்துக்கொள்ளலாம். நிறுவனமே திறந்தது என்றால் அப்டேட் போட்டாலும், அழித்தாலும், விற்றாலும் பூட்டு திரும்ப வராது. வாரண்டியும் இதனால் கெடாது. விற்கும்போது விலை கூடும். அவ்வளவுதான் மாறும். வேகமோ பேட்டரியோ கூடாது. படங்கள், செயலிகள் அப்படியே இருக்கும். ஆப்பிள் கணக்குப் பூட்டு இதனால் திறக்காது. புகார் இருந்தால் அது அழியாது. முக்கியமாக, போனுக்குள் இருக்கும் ரேடியோ மாறாது: எந்த அலைவரிசைகளுக்குச் செய்யப்பட்டதோ அவற்றில்தான் வேலை செய்யும். A2482-ஐப் பொறுத்தவரை இங்கே கவலை இல்லை. ஏர்டெல், ஜியோ இரண்டின் 4ஜி, 5ஜி இரண்டுக்கும் அது பொருந்தும், ஐஓஎஸ் 16.2 அல்லது அதற்குப் பிந்தையது இருந்தால் போதும். ஆனால் அமெரிக்க ஐபோன் 11-இல் 700 மெகாஹெர்ட்ஸ் பேண்ட் 28 கிடையாது. பிஎஸ்என்எல் 4ஜிக்கு அந்த அலைவரிசை முக்கியம். பூட்டைத் திறந்தாலும் சுவர் தடித்த வீட்டுக்குள் சிக்னல் இளைத்துத்தான் இருக்கும். அமெரிக்க ஐபோன் 14 முதல் சிம் தட்டே இல்லை, இ-சிம் மட்டும். அப்படிப்பட்ட போன் வருவதாக இருந்தால், உங்கள் எண்ணை முதலில் இ-சிம்முக்கு மாற்ற வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள்.

உங்களுக்கு இல்லையென்றாலும், ஆண்ட்ராய்ட் போன் வாங்கி வருபவர்களுக்காக ஒரு வார்த்தை. அங்கே பூட்டு பெரும்பாலும் போனுக்குள்ளேயே இருக்கிறது. வேறு சிம் போட்டால் திறப்பு எண் கேட்கும் கட்டம் வரும்; பூட்டிய நிறுவனம் தரும் எண்ணை அடித்தால் திறக்கும். சில அமெரிக்க சாம்சங்குகளில் Settings > Connections > More connection settings > Network unlock என்ற இடத்திலேயே கேட்டுப் பெறலாம். இணையத்தில் கிடைத்த எண்களை அந்தக் கட்டத்தில் ஊகமாக அடிக்காதீர்கள். எத்தனை முறை தவறலாம் என்பதற்கு எல்லை உண்டு. அதைத் தாண்டினால் சரியான எண்ணே கிடைத்தாலும் போன் வாங்கிக்கொள்ளாது. டெவலப்பர் அமைப்பில் இருக்கும் OEM unlocking என்பதற்கும் சிம் பூட்டுக்கும் தொடர்பில்லை.

வெளிநாட்டிலிருந்து இனி யாராவது வாங்கி அனுப்புவதாக இருந்தால், கனடாவில் 2017 டிசம்பரிலிருந்தும், ஜப்பானில் 2021 அக்டோபரிலிருந்தும், பிரிட்டனில் 2021 டிசம்பரிலிருந்தும் பூட்டிய போன் விற்கத் தடை இருக்கிறது. அதற்குப் பின் அங்கே விற்ற போன்களில் இந்தத் தொல்லை இராது. அமெரிக்கப் போன் என்றால் மட்டும் ஒவ்வொன்றையும் சோதித்தே வாங்க வேண்டும்.

இன்று இரவே விண்ணப்பத்தைப் போட்டுவிடுங்கள். மெயில் வந்ததும் இணைப்பை அழுத்த மறக்க வேண்டாம். முடிவு தெரியும்வரை போனை அழிக்கவும் வேண்டாம், தகட்டைத் திரும்பச் செருகவும் வேண்டாம்.